தேங்காய் பூமி, நெல்லிக்காய் நிலா: ஒன்பதரைச் சுற்று நூல் ஒருவழியாக நின்றது

மூன்று ஞாயிற்றுக்கிழமை போன பிறகு, பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைக் காட்டும் ஷார்ட்ஸ் இன்று ஒருவழியாகப் படமாகிவிட்டது. குரல் பதிவு மட்டும் பாக்கி.

அளவு இதுதான். 11 செ.மீ. விட்டமுள்ள உரித்த தேங்காய் பூமி என்றால், 3 செ.மீ. நெல்லிக்காய் நிலா. இரண்டுக்கும் நடுவே 3.3 மீட்டர். முதல் காட்சியாக ஆச்சியிடம் நெல்லிக்காயைக் கொடுத்து, "நிலா எங்க இருக்கும்னு வைங்க ஆச்சி" என்றேன். தேங்காயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். பாடப்புத்தகப் படத்தில் அப்படித்தானே இருக்கிறது, எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். அந்த ஒரு சாணை உடைப்பதுதான் வீடியோவே.

உடைப்பதில்தான் சிக்கல். முற்றத்தில் இரண்டையும் வைத்து மொட்டை மாடியிலிருந்து நேர் கீழாக எடுத்தேன். 1920 பிக்சல் உயரத்துக்குள் மூன்றரை மீட்டரை அடக்கினால் நெல்லிக்காய்க்குக் கிடைப்பது 16 பிக்சல். போன் திரையில் தூசி. சரி, தரையோடு தரையாகத் தேங்காய்ப் பக்கமிருந்து எடுக்கலாம் என்றால், தூரம் சுருங்கித் தெரிகிறது, நெல்லிக்காய் கடுகாகிறது. விகிதத்தைக் காட்ட வந்த வீடியோவிலேயே விகிதம் பொய். அதைப் பார்த்துவிட்டு ஆச்சி, "நிலா ரொம்பச் சின்னதுல்லா" என்றார். தூரத்தைக் காட்டப் போய் அளவைக் கெடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அதனால் நூலுக்கு வந்தேன். பூமியின் சுற்றளவு 40,075 கி.மீ., நிலாவின் சராசரித் தூரம் 3,84,400 கி.மீ. வகுத்தால் 9.6. அதாவது எந்த உருண்டையை எடுத்தாலும், நடுவில் ஒன்பதரைச் சுற்று சுற்றி, நூலைப் பிரித்து நீட்டினால் நிலா இருக்கும் இடம் வந்துவிடும். நிலா கிட்டே வரும்போது ஒன்பது சுற்று, எட்டப் போகும்போது பத்து. ஒன்பதரை என்று சொல்வதில் தப்பில்லை. பார்ப்பவர் வீட்டில் தேங்காய் இல்லாவிட்டாலும் பந்தில் செய்து பார்க்கலாம்.

இங்கே நூலின் தடிமன் கழுத்தை அறுத்தது. திரையில் நன்றாகத் தெரியட்டும் என்று 6 மி.மீ. கொடிக்கயிற்றைச் சுற்றினேன். நீட்டி அளந்தால் மூன்றரை மீட்டரைத் தாண்டிப் போகிறது. தேங்காயை மாற்றினேன், மறுபடி அதே. காரணம் எளிது: கயிற்றின் நடுக்கோடு ஓட்டிலிருந்து 3 மி.மீ. வெளியே ஓடுகிறது, சுற்றுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. கூடிவிடுகிறது. ஒன்பதரைச் சுற்றுக்கு 18 செ.மீ. அதோடு கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் இன்னும் கூடும். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலோ, நடுவை விட்டுக் குடுமிப் பக்கம் வழுக்கிக் குறையும். 1 மி.மீ. நூலில் மொத்தப் பிழையே 3 செ.மீ.தான், அடுக்கும் ஒரு செ.மீ. அகலத்தில் முடிந்துவிடுகிறது. டவுனில் பூக்கட்டும் நூல் விற்கும் கடையில் அரக்குச் சிவப்பு கிடைத்தது. சிமெண்ட் தரையில் பளிச்சென்று இருக்கிறது. இழுத்தால் நீளும் நைலான் நூல் வேண்டாம்.

இன்னொன்று, 3,84,400 என்பது மையத்திலிருந்து மையத்துக்கு. நூல் நுனியைத் தேங்காயின் ஓரத்தில் வைத்தால் நிலா ஐந்தரை செ.மீ. தள்ளிப் போய்விடும். தேங்காயின் நடுவுக்கு நேர் கீழே சாக்பீஸால் குறித்து, நுனியை அங்கே ஒட்டினேன்.

படம்பிடிக்க அக்கா மகனின் நடைவண்டி உதவியது. போனைத் தரை பார்த்து அதில் கட்டி, நூலை ஒட்டியே ஒரே ஓட்டமாகத் தள்ளினேன். வழியெல்லாம் 11 செ.மீ.க்கு ஒரு கோடு, மொத்தம் 30 கோடுகள். பத்து விநாடி வெறும் தரையும் சிவப்பு நூலும் ஓடி, கடைசியில் நெல்லிக்காய் உள்ளே வரும்போது அது நிஜ அளவிலேயே இருக்கிறது. சக்கரத்துக்குத் துணி சுற்றாமல் தள்ளினால் படம் அதிரும்.

நெல்லிக்காய் மகாராஜநகர் உழவர் சந்தையில் வாங்கியது. பெரியதையே பொறுக்கிப் போடுவார்கள். ஸ்கேல் கொண்டுபோய் 3 செ.மீ. உள்ளதைத் தேடி எடுங்கள்.

அடுத்து விண்வெளி நிலையம். அது 400 கி.மீ. உயரம்; இதே தேங்காயில் ஓட்டுக்கு மேல் மூன்றரை மி.மீ.தான். ஒரு தீக்குச்சியைப் படுக்கவைத்து அதன் மேல் இன்னொன்றை வைத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும் என்று நினைக்கிறேன், அளந்து பார்க்க வேண்டும். அப்புறம் சூரியன்: 12 மீட்டர் உருண்டை, கிட்டத்தட்ட 1.3 கி.மீ. தள்ளி. நாளை பைக் மீட்டரைப் பார்த்து எங்கள் தெருவிலிருந்து அது எங்கே விழுகிறது என்று குறிக்கப் போகிறேன். அதற்கு முன்னால் இதற்குக் குரல் கொடுத்தாக வேண்டும்.