நுரையீரல் ஸ்லைடில் புரொங்கஸையும் புரொங்கியோலையும் பிரித்துப் பழகியது

நுண்காட்டியில் சுட்டிமுள் காட்டுவதன் பெயரையும் காரணத்தையும் எழுதும் சுவாசத்தொகுதி ஸ்பொட்டில் வரும் நான்கு பெயர்களில் வாதனாளியும் சிற்றறையும் பெரிதாகச் சிக்கல் தருவதில்லை. நடுவில் நிற்கும், வாதனாளியின் கிளையான புரொங்கஸும் அதிலிருந்து பிரியும் சிறு குழாயான புரொங்கியோலும்தான் ஆளை மாட்டிவிடும். திருகோணமலையில் சித்த மருத்துவம் படிக்கும் எங்கள் பட்சில், செய்முறைப் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் இந்த இரண்டைப் பற்றித்தான் ஓயாமல் வாக்குவாதம் நடந்தது. நான் எப்படிப் பழகினேன் என்று எழுதி வைக்கிறேன். அடுத்த பட்சில் யாருக்காவது உதவும்.

முதலில் ஸ்லைடைக் கையில் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்ப்பேன். வாதனாளி என்றால் தடித்த வளையம் ஒன்று, நடுவில் பெரிய வெளி, சுவருக்குள் ஊதா நிறப் பட்டை. நுரையீரல் என்றால் துண்டு முழுக்க ஓட்டை ஓட்டையாக, வலைத்துணி போல இருக்கும். பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். பரீட்சையில் ஸ்லைடைத் தொட விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

வாதனாளியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கசியிழையம் C வடிவில் ஒரே துண்டாக ஓடும். பின்பக்கத்து இடைவெளியை மழமழப்பான தசை இணைக்கும். குழாயின் உட்பக்கத்தை மூடும் மேலணி போலிப்படை கொண்டது: கருக்கள் வெவ்வேறு உயரத்தில் தெரிந்தாலும் எல்லாக் கலமும் அடிமென்சவ்வைத் தொட்டுத்தான் நிற்கும். மேலே பிசிர், இடையிடையே வெளிறிய கிண்ணக்கலங்கள். நான் முக்கியமாகப் பிடித்துக்கொண்டது ஒன்று: C வளையம் இருக்கும் பக்கத்தில் மேலணிக்கும் கசியிழையத்துக்கும் நடுவே சுரப்பிகள் உண்டு, தசை வளையம் கிடையாது. நுரையீரலுக்குள் இருக்கும் புரொங்கஸில் அந்த இடத்தில் தசை வந்துவிடும். ஒரு சுவர்த்துண்டு மட்டும் காட்டப்பட்டாலும் இந்த ஒழுங்கைப் பார்த்துச் சொல்லலாம்.

இனிச் சிக்கலான ஸ்லைட். மனித நுரையீரல், வழமையான எச் அண்ட் ஈ சாயம். சுட்டிமுள் காட்டிய வளையத்தின் உள்வெளி நட்சத்திரம் போல மடிந்திருந்தது. 10× பொருள்வில்லையில் தெரிந்த பக்கத்தில் மேலணி, அதன் கீழே இளஞ்சிவப்புத் தசை, அப்புறம் நேரே சிற்றறைகள். கசியிழையம் கண்ணில் படவில்லை. என்னோடு படிக்கும் மூதூர்த் தோழி உடனே சொன்னாள்: "புரொங்கியோல்தானடி, மடிப்பைப் பார்."

மடிப்பு அவ்வளவு நம்பத்தகுந்தது இல்லை. இழையத்தை எடுத்துப் பதப்படுத்தும்போது தசை சுருங்குவதால் புரொங்கஸிலும் உள்வெளி மடிந்துதான் தெரியும். பக்கத்தில் நின்ற டெமோ மிஸ், "பிள்ளை, வளையத்தை முழுசாச் சுத்திப் பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்றார். 4× பொருள்வில்லைக்கு மாற்றி, மேடையை நகர்த்தி வெளி விளிம்பைத் தொடர்ந்து போனோம். எதிர்ப்பக்கத்தில், தசைக்கு வெளியே, நீலம் பாய்ந்த சிறு தகடு ஒன்று. 40× இல் அதற்குள் சிறு குழிகளில் ஒன்றிரண்டாகக் கலங்கள் இருந்தன. குழியைச் சுற்றியுள்ள தளப்பொருள் மற்ற இடத்தைவிடக் கடும் நிறம். கசியிழையம் என்பதில் சந்தேகமில்லை. தகட்டுக்கும் தசைக்கும் நடுவில் சுரப்பிக் கூட்டம் ஒன்றும் இருந்தது: சில கலங்கள் வெளிறி, கரு அடியில் ஒதுங்கிய சளிக்கலங்கள்; சில கடும் நிறத்தில், கரு வட்டமான நீர்ச்சுரப்புக் கலங்கள். ஆக, புரொங்கஸ்.

புரொங்கியோலில் கசியிழையமும் சுரப்பியும் கிடையாது; புரொங்கஸில் கசியிழையம் தனித்தனித் தகடுகளாக உடைந்திருக்கும். கிளை சிறுக்கச் சிறுக்கத் தகடுகளும் சிறுத்து, இடைவெளி கூடும். வெட்டு அந்த இடைவெளியால் போனால் வளையத்தின் பெரும்பகுதியில் கசியிழையமே தெரியாது. அதனால் "இல்லை" என்று எழுத வளையம் முழுவதையும் பார்த்திருக்க வேண்டும். தகடு அகப்படாவிட்டால் சுரப்பியைத் தேடுவேன். தசைக்கு வெளியே ஒரு சுரப்பிக் கூட்டம் தெரிந்தாலும் அது புரொங்கியோல் இல்லை. ஆனால் சுவரில் கருநீலமாகத் தெரியும் எல்லாமே சுரப்பியோ கசியிழையமோ ஆகாது. நிணநீர்க் கலங்களின் திரளும் அப்படித்தான் தெரியும். 40× இல் நெருங்கிய சிறு வட்டக் கருக்கள் மட்டும் இருந்து, உள்வெளியும் குழிகளும் இல்லாவிட்டால் அது நிணநீரிழையம்.

அதே ஸ்லைடில் இன்னொரு வளையத்தையும் பார்த்தோம். சுற்றி வந்தும் தகடு இல்லை, சுரப்பி இல்லை. மேலணிக்குக் கீழே தசை, அதற்கு வெளியே மெல்லிய இணைப்பிழையம், உடனே சிற்றறைகள். மேலணி ஒற்றை வரிசையாக இருந்தது. பிசிர் உண்டு, கிண்ணக்கலம் தேடினாலும் அகப்படவில்லை. இது புரொங்கியோல். அளவையும் பார்த்தோம். பார்வைத்துண்டில் 10×/18 என்று இருந்தால், 10× பொருள்வில்லையில் தெரியும் வட்டத்தின் விட்டம் 1.8 மில்லிமீற்றர். புரொங்கியோல் பொதுவாக 1 மில்லிமீற்றருக்குள் அடங்கும், அதாவது வட்டத்தின் பாதியை அதிகம் தாண்டாது. ஆனால் சரிவாக வெட்டுப்பட்டால் குழாய் நீண்டு தெரியும், பதப்படுத்தலில் சுருங்கவும் செய்யும். அளவை நான் துணைச் சாட்சியாக மட்டுமே எடுப்பேன்.

கிண்ணக்கலத்தையும் கடைசித் தீர்ப்பாக எடுக்க முடியாது. நீண்டகாலம் புகைபிடித்தவரின் நுரையீரலில் புரொங்கியோலிலும் அவை தோன்றும். ஸ்லைட் யாருடையது என்றும் லேபிளைப் பார்க்க வேண்டும். சுண்டெலியின் நுரையீரலுக்குள் போகும் காற்றுக்குழாய்களில் கசியிழையமே கிடையாது. மனிதனுக்குச் சொன்ன விதியை அதில் போட்டால் எல்லாமே புரொங்கியோல் ஆகிவிடும்.

புரொங்கியோலுக்குப் பக்கத்தில் அநேகமாக ஒரு நாடி ஓடும். அதற்கும் வட்டச் சுவர், தசை எல்லாம் உண்டு. உள்ளே செங்குருதிக் கலங்கள் இருக்கலாம், ஆனால் வடிந்து வெறுமையாகவும் தெரியலாம். ஆகவே உட்படையைப் பார்க்க வேண்டும்: நாடியில் தட்டையான கருக்கள் மட்டும், உயர்ந்த கலமோ பிசிரோ இல்லை.

இன்னும் கீழே போனால் மேலணி கனவடிவாகிறது. பிசிருள்ள கலங்களுக்கு நடுவே தலை உருண்டு உள்வெளிக்குள் எட்டிப்பார்க்கும், பிசிரற்ற கிளப் கலங்கள் வரும். அந்தச் சுவரில் ஆங்காங்கே சிற்றறை நேரே திறந்தால் அது சுவாசப் புரொங்கியோல். சுவர் முழுவதும் சிற்றறை வாய்களாகி, நடுவில் சிறு தசை முடிச்சுகள் மட்டும் மிஞ்சினால் சிற்றறைக் கான். சிற்றறைச் சுவரில் தட்டையான முதலாம் வகைக் கலத்தின் கரு மட்டும்தான் அகப்படும். மூலையில் சற்று உப்பி, நுரைத்தாற்போன்ற கலவுருவோடு இருப்பது இரண்டாம் வகை. உள்வெளியில் தனியே கிடந்து, கருமைத் துகள் விழுங்கியிருந்தால் பெருவிழுங்கி.

பரீட்சையில் வந்ததும் நடுத்தர வளையம்தான். மேடையை நகர்த்த அனுமதி இல்லை, தெரிந்த பகுதியில் தகடும் இல்லை. தசைக்கு வெளியே சளிச்சுரப்பி ஒன்று தெரிந்தது, மேலணி போலிப்படை கொண்டது, சுற்றிச் சிற்றறைகள். புரொங்கஸ் என்று எழுதி, காரணங்களாக இந்த மூன்றையும் போட்டேன். தெரியாத கசியிழையத்தைக் காரணமாக எழுதவில்லை. அந்த ஸ்பொட்டுக்கு முழுப் புள்ளியும் கிடைத்தது.