அறிவித்த 8.30, ஒப்பந்தத்தின் 9.30

திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கத்து மகளிர் சங்கமொன்றின் விண்ணப்பத்தை ஏற்பதா விடுவதா என்பது, என்னிடம் வந்தபோது வெறும் நான்கு நிமிடங்களைப் பற்றிய கேள்வியாகவே தோன்றியது. சிறு மானிய விண்ணப்பங்கள் 2023 ஒக்டோபர் 31 இரவு 8.30 மணிக்குள் இணையத்தளத்தில் வந்து சேர வேண்டும் என்று எங்கள் நிறுவனம் அறிவித்திருந்தது. அவர்களுடையது 8.34.05க்குப் பதிவாகி, ‘தாமதம்’ என்ற குறியுடன் நின்றது. மறுநாள் காலை சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, எட்டரைக்கு முன்னமே நான் அனுப்புற பட்டனை அமத்திட்டன். பிறகு அது சுத்திக்கொண்டு நிண்டதுக்கு நாங்க என்ன செய்யிற?” பதிவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அக்கா என்பதற்கு மேல் அப்போது என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

அவர் சொன்னதைச் சரிபார்க்க வழி இருந்தது. எங்கள் சேர்வரில் முன்னால் நிற்கும் nginx என்ற நிரல், கோப்பு முழுவதும் வந்து சேரும்வரை அதைத் தன்னிடமே வைத்திருந்து, பிறகுதான் விண்ணப்ப மென்பொருளிடம் கொடுக்கும். ஆகவே மென்பொருள் எழுதும் நேரம் கோப்பு வந்து முடிந்த நேரமேயன்றி, அனுப்பத் தொடங்கிய நேரம் அன்று. நல்ல இணைப்பில் இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஸ்கான் செய்த 18 மெகாபைட் ஆவணத்தைப் பலவீனமான கைத்தொலைபேசி சிக்னலில் அனுப்புபவருக்கு அதுவே எல்லாமாகிவிடும். nginxஇன் பதிவு வடிவத்தில், அனுப்பத் தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஆன நேரத்தைக் காட்டும் `$request_time` சேர்க்கப்பட்டிருந்தது. வழமையான வடிவத்தில் அது இருக்காது. அதில் 385 செக்கன் என்றிருந்தது. 8.34.05இலிருந்து அதைக் கழித்தால் 8.27.40. அக்கா சொன்னது உண்மை.

அத்துடன் முடிந்திருக்க வேண்டிய விடயம். ஆனால் மென்பொருளில் முடிவு நேரம் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தபோது இந்த வரியைக் கண்டேன்:

```
2023-10-31T17:00:00+02:00
```

நிதி வழங்குநருடனான ஒப்பந்தம் ‘பிரசல்ஸ் நேரம் மாலை 5 மணி’ என்கிறது. அறிவித்தல் செப்டெம்பரில் எழுதப்பட்டது. அப்போது பிரசல்ஸ் கோடைகால நேரத்தில், UTCயை விட இரண்டு மணித்தியாலம் முன்னால் இருந்தது, எனவே இலங்கையில் 8.30 என்ற கணக்கு அன்றைக்குச் சரி. ஆனால் ஒக்டோபரின் கடைசி ஞாயிறு, அந்த ஆண்டு 29ஆம் திகதி, அங்கே கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னே போய்விட்டது. 31ஆம் திகதி பிரசல்ஸில் மாலை 5 மணி என்பது இலங்கையில் இரவு 9.30. `+02:00` என்ற எண்ணுக்கு இந்த மாற்றம் தெரியாது. `Europe/Brussels` என்ற வலயப் பெயரைச் சேமித்திருந்தால் தெரிந்திருக்கும். இலங்கை 2006இலிருந்து ஒரே நேரத்தில் நிற்பதால், கடிகாரம் நகரும் என்ற நினைப்பே இங்கே எவருக்கும் எளிதில் எழுவதில்லை.

ஒப்பந்தத்தின்படி பார்த்தால் அக்காவின் விண்ணப்பம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் முன்கூட்டியே வந்தது. ஆனால் அதைக் காரணமாகக் காட்ட நான் தயங்கினேன். அன்றிரவு 8.30 கடந்ததும், நேரம் முடிந்துவிட்டதென்று எண்ணி முயற்சியைக் கைவிட்டவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். அவர்கள் அறிவித்தலை நம்பியவர்கள். அவர்களுக்குத் தெரியாத ஒரு மணித்தியாலத்தை, விடாமல் முயன்றவர்களுக்கு மட்டும் பின்னால் திறந்துவிடுவது நியாயமாகத் தோன்றவில்லை. எனவே இரண்டு நேரங்களையும் தெரிவுக்குழுவுக்கு எழுதி, அறிவித்த 8.30ஐயே வைத்துக்கொண்டு, அனுப்பத் தொடங்கிய நேரத்தை எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்தேன். பொத்தானை அழுத்திய பின் விண்ணப்பத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. வேலையை நிறுத்த வேண்டிய நேரம் என்பதுதான் முடிவு நேரத்தின் பொருளென்றால், இந்த அளவு அதற்குப் பொருந்துகிறது. குழு ஏற்றுக்கொண்டது. திருக்கோவில் விண்ணப்பம் உள்ளே வந்தது.

அதே அளவால் வாகரையிலிருந்து வந்த ஒரு விண்ணப்பம் வெளியே போனது. அது 8.31.10க்குத் தொடங்கி 8.32க்குள் வந்து சேர்ந்துவிட்டது. வந்து சேர்ந்த வரிசையில் அது திருக்கோவிலுக்கு முந்தியது. ஒப்பந்தத்தின்படி அதுவும் நேரத்துக்குள்தான். நான் காட்டிய காரணம் கைவிட்டவர்களைக் காப்பதற்கானது. ஆனால் அவர்களில் ஒருவரும் என்னிடம் முறையிடவில்லை, வாகரையிலிருந்தவரோ கைவிடாமல் அனுப்பியவர். அக்காவின் குரலை முதலில் கேட்டிராவிட்டால், 385 செக்கனைத் தேடிப் போயிருப்பேனா என்றும் கேட்டுக்கொள்கிறேன். தேடியிருப்பேன் என்றே நினைக்கிறேன், ஏனெனில் தாமதக் குறி விழுந்த ஒவ்வொன்றையும் பார்ப்பது என் வேலை. எனினும் எந்த அளவைப் பரிந்துரைப்பது என்று தீர்மானித்தபோது, அது யாரை உள்ளே விடும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

இப்போது முடிவு நேரத்தை வலயப் பெயருடன் சேமிக்கிறோம். அறிவித்தலில் பிரசல்ஸ் நேரத்தையும் இலங்கை நேரத்தையும் அந்தத் திகதிக்கே கணித்து எழுதி, அனுப்பத் தொடங்கும் நேரமே கணக்கு என்பதையும் முன்கூட்டியே சொல்கிறோம். வாகரைக்கு அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தில் 8.30 என்ற நேரம் மட்டுமே இருந்தது, 9.30ஐப் பற்றி அவர்களுக்கு எழுத வேண்டுமென்று குழுவிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்பதில் இன்றுவரை எனக்கு ஒரே கருத்து இல்லை.