எரிந்த டாலர் எங்கே இருக்கிறது?

கிரிப்டோ வாலட் ஒன்றின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதிகம் வரும் புகார் இதுதான்: "சார், இந்தப் பக்கம் காசு போயிடுச்சு, அந்தப் பக்கம் வரல." நான் முதலில் கேட்பது பரிவர்த்தனை ஹேஷை, அதாவது அந்தப் பரிவர்த்தனையின் தனி அடையாள எண்ணை மட்டும்தான். அது இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இதே புகாரைப் பொதுக் குழுக்களில் எழுதிவிட்டு வருபவர்களும் உண்டு. உதவி செய்வதாகச் சொல்லி அவர்களுடைய இன்பாக்ஸில் வந்து நிற்கும் ஆட்கள் ஹேஷைக் கேட்பதில்லை. வாலட்டின் பன்னிரண்டு ரகசியச் சொற்களைத்தான் கேட்கிறார்கள்.

ஒரு வாடிக்கையாளர் யுஎஸ்டிசி என்ற டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயம் 1,200-ஐ எத்திரியம் என்ற பிளாக்செயினிலிருந்து பேஸ் என்ற இன்னொரு பிளாக்செயினுக்கு அனுப்பியிருந்தார். இப்படிச் செயின் விட்டுச் செயின் பணத்தை மாற்றித் தரும் பிரிட்ஜ் தளத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. வெறுத்துப்போய்ப் பக்கத்தை மூடிவிட்டார். மறுநாள் காலையிலும் பேஸில் பூஜ்யம்தான்.

எத்திரியப் பரிவர்த்தனைகளைக் காட்டும் எத்தர்ஸ்கேன் தளத்தில் ஹேஷைப் போட்டுப் பார்த்தேன். பரிவர்த்தனை வெற்றி. பணம் கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத பூஜ்ய முகவரிக்குப் போயிருந்தது, பதிவுகளில் `DepositForBurn` என்று இருந்தது. அப்படியென்றால் அவர் போனது சர்க்கிள் நிறுவனத்தின் சிசிடிபி என்ற பரிமாற்ற வழி. யுஎஸ்டிசியை வெளியிடுவதும் சர்க்கிள்தான். இந்த வழியில் பணம் நடுவில் எங்கும் கிடப்பதில்லை. எத்திரியத்தில் எரிக்கப்படும், பேஸில் அதே அளவு புதிதாக அச்சாகும்.

இதைப் பார்த்ததும் எனக்குக் கவலை பாதி குறைந்தது. எல்லா பிரிட்ஜும் இப்படி இல்லை. பல பிரிட்ஜ்களில் பணம் அவர்களுடைய கணக்கில் பூட்டிக் கிடக்கும். அடுத்த பக்கம் வருவது அவர்கள் கையில். மல்டிசெயின் என்ற பிரிட்ஜ் 2023 ஜூலையில் இயங்குவதை நிறுத்தியது. தலைமை நிர்வாகியைச் சீனப் போலீஸ் மே மாதமே அழைத்துச் சென்றுவிட்டதாகவும், சாவிகள் அவரிடமே இருந்ததாகவும் அந்த நிறுவனமே அறிவித்தது. நடுவில் மாட்டிய பணத்துக்கு உதவிப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு எதுவும் செய்ய முடியாது.

சரி, எரிந்தாயிற்று. அடுத்தது, எரிந்தது உண்மைதான் என்று சர்க்கிள் தரும் கையொப்பம். எத்திரியத்தில் அந்தப் பிளாக் இனி மாறாது என்று உறுதியான பிறகுதான் அவர்கள் கையொப்பமிடுவார்கள். சாதாரண வேகத்தில் 13 முதல் 19 நிமிடம் ஆகும். அந்த நேரத்துக்குள் வரும் புகாருக்கு "கொஞ்சம் பொறுங்க" என்பதுதான் பதில். கையொப்பம் வந்ததா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்:

```
https://iris-api.circle.com/v2/messages/0?transactionHash=0x...
```

அந்த 0 எத்திரியத்தின் எண். பணம் கிளம்பிய செயினைப் பொறுத்து மாறும். நிலை `pending_confirmations` என்றால் இன்னும் காத்திருக்க வேண்டும். இவருக்கு `complete` என்று வந்தது. பரிமாற்ற விவரம் அடங்கிய செய்தியும் கையொப்பமும் நீளமான இரண்டு சரங்களாக அங்கேயே இருந்தன. முந்தைய நாளே தயாராகியிருக்க வேண்டும். அதைப் பேஸுக்கு எடுத்துப்போய்க் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

டிமாண்ட் டிராஃப்ட் எடுத்துவிட்டு வங்கியில் போடாமல் பையிலேயே வைத்திருப்பது போலத்தான் இது. சில தளங்கள் அந்தக் கடைசி வேலையைத் தாங்களே செய்துவிடும். சில தளங்கள் பயனரையே இன்னொரு முறை ஒப்புதல் தரச் சொல்லும், அதற்குக் கேஸ் என்ற பரிவர்த்தனைக் கட்டணத்தைக் கட்டப் பேஸில் கொஞ்சம் ஈத்தர் நாணயம் வேண்டும். இவரிடம் பேஸில் ஈத்தரே கிடையாது. அதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம் அந்தத் தளம்; சக்கரத்தைச் சுற்றவிட்டு வேடிக்கை பார்த்தது.

நல்லவேளையாக, கொண்டுபோய்க் கொடுப்பவர் அவராகவே இருக்க வேண்டியதில்லை. அனுப்பும்போது குறிப்பிட்ட அழைப்பாளர் என்று யாரையும் பதியவில்லையென்றால், யாரும் பேஸில் சிசிடிபி ஒப்பந்தத்தின் `receiveMessage` என்ற செயல்பாட்டை அழைக்கலாம். பெறுபவரின் முகவரி செய்திக்குள்ளேயே இருப்பதால் பணம் அவருக்குத்தான் போகும், அழைத்தவருக்கு அல்ல. எங்கள் சோதனை வாலட்டிலிருந்து இரண்டு சரங்களையும் ஒட்டி அழைத்தேன். கட்டணம் ரொம்பச் சொற்பம்.

அந்த அழைப்பு `Nonce already used` என்று தோற்றால் சந்தோஷப்படலாம்: பணம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. அப்புறம் பார்க்க வேண்டியது வாலட்டைத்தான். பேஸ் செயினைக் காட்டுகிறதா, யுஎஸ்டிசி பட்டியலில் சேர்ந்திருக்கிறதா, பெறுபவர் முகவரி சரிதானா என்று.

இவருக்கு அப்படியில்லை, அழைப்பு வெற்றி. சற்று நேரத்தில் "வந்துடுச்சு சார்!" என்று எழுதினார். அடுத்த செய்தி உடனே வந்தது: "இதை இப்ப இன்னொருத்தருக்கு அனுப்பப் பார்த்தா போகமாட்டேங்குதே?" பேஸில் இன்னமும் ஈத்தர் இல்லையே. எக்ஸ்சேஞ்சிலிருந்து கொஞ்சம் ஈத்தரை எடுக்கச் சொல்லி, எடுக்கும்போது நெட்வொர்க் என்ற இடத்தில் எத்திரியம் அல்ல, பேஸைத் தேர்ந்தெடுங்கள் என்று இரண்டு முறை எழுதினேன்.