பாகை, நிமிடம், விநாடியிலிருந்து தசம எண்ணுக்கு: ஒரு கோயில் பட்டியலை வரைபடத்தில் ஏற்றிய அனுபவம்

காவிரிப் படுகையில் உள்ள பழைய கோயில்களின் அமைவிடங்களை டிஜிட்டல் வரைபடத்தில் குறிக்கும் பணிக்காக, பலர் சேர்ந்து தட்டச்சு செய்த ஓர் எக்செல் பட்டியல் என்னிடம் வந்தது. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் புள்ளி வைத்த எண்களாகவே இருந்ததால், நேரடியாக வரைபடத்தில் ஏற்றிவிடலாம் என்றே யாருக்கும் தோன்றும். நான் முதலில் தஞ்சைப் பெரிய கோயிலை மட்டும் எடுத்துப் பார்த்தேன். இருப்பிடம் ஐயமின்றித் தெரிந்த ஓரிடத்தைக் கொண்டு சோதித்த பிறகே முழுப் பட்டியலையும் தொடுவது என் வழக்கம்.

பட்டியலில் அக்கோயிலுக்கு 10.4658, 79.0754 என்று இருந்தது. வரைபடத்தில் அந்தப் புள்ளி கோயிலுக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தெற்கிலும் 6 கிலோமீட்டர் மேற்கிலும் விழுந்தது. கோயிலின் அமைவிடம் 10°46′58″ வடக்கு, 79°07′54″ கிழக்கு. அதாவது, நிமிடத்தையும் விநாடியையும் புள்ளிக்குப் பின்னால் அப்படியே அடுக்கி எழுதியிருந்தார்கள். ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி என்பதால், நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டினால்தான் தசம எண் கிடைக்கும். 46ஐ 60ஆல் வகுத்தால் 0.766667, 58ஐ 3600ஆல் வகுத்தால் 0.016111, ஆக அட்சரேகை 10.782778. இதே முறையில் தீர்க்கரேகை 79.131667 ஆகிறது. இந்த இரண்டையும் கொடுத்ததும் குறி கோயில் வளாகத்திலேயே வந்து நின்றது.

இந்தக் குழப்பம் ஒரு வரியில் மட்டும்தானா, பட்டியல் முழுவதிலுமா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. உண்மையான தசம எண்கள் என்றால் புள்ளிக்குப் பின்வரும் முதல் இரண்டு இலக்கங்கள் 00 முதல் 99 வரை எதுவாகவும் இருக்கலாம்; நீண்ட பட்டியலில் பத்துக்கு நான்கு வீதம் 60ஐ எட்டவோ தாண்டவோ வேண்டும். என்னிடம் இருந்த பட்டியலில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வரிகளைத் தவிர எதுவும் 59ஐத் தாண்டவில்லை. வரைபடத்தைத் திறக்காமலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், பிறர் தரும் எந்தப் பட்டியலிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

திருத்தும் வேலையில் சூத்திரத்தைவிட எண்களைப் பிரிப்பதுதான் கடினமாக இருந்தது. 50 விநாடி என்று முடியும் 10.4650ஐ எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டு, கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டு 10.465 என்று காட்டுகிறது. அது 46 நிமிடம் 50 விநாடியா, 5 விநாடியா என்று பிறகு சொல்ல முடியாது. ஓரிலக்க நிமிடத்துக்கோ விநாடிக்கோ முன்னால் சுழியம் போடாதவர்களும் இருந்தார்கள். 79.754 என்றால் 75 நிமிடம் இருக்க முடியாது என்பதால் 7 நிமிடம் 54 விநாடி என்று ஊகிக்கலாம், ஆனால் 10.123 என்பதை 12 நிமிடம் 3 விநாடி என்றும் 1 நிமிடம் 23 விநாடி என்றும் படிக்கலாம். அத்தகைய வரிகளுக்குக் கையெழுத்துக் குறிப்பைத் தேடி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஊகித்து நிரப்புவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. பாகை, நிமிடம், விநாடி மூன்றையும் A, B, C என்ற தனித்தனி நெடுவரிசைகளில் எழுதிய பின் கணக்கு ஒரே வரிதான்:

```
=A2+B2/60+C2/3600
```

தெற்கு அல்லது மேற்குத் திசை என்றால், மூன்றையும் கூட்டி முடித்த பிறகே முழு விடைக்கும் கழித்தல் குறி இட வேண்டும். பாகைக்கு மட்டும் குறியிட்டு மற்ற இரண்டையும் கூட்டினால் புள்ளி எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடும்.

அச்சுப் பதிப்புக்காகத் தசம எண்ணை மீண்டும் விநாடியாக்கியபோது வேறொன்று தென்பட்டது. 10.78333ஐப் படிப்படியாகப் பிரித்தால் 46 நிமிடமும் 59.988 விநாடியும் வருகின்றன. விநாடியை முழு எண்ணாக்கினால் 46′60″ என்ற பொருந்தாத வடிவம் கிடைக்கிறது. ஆகவே முதலிலேயே 3600ஆல் பெருக்கி, மொத்த விநாடியை 38820 என்று முழுமைப்படுத்தி, அதன் பிறகு பிரித்தேன். 10°47′00″ என்று சரியாக வந்தது.

எல்லாம் முடிந்த பின்னும் சிறு கோயில்கள் சிலவற்றின் குறிகள் பக்கத்துத் தெருவிலோ குளத்திலோ நின்றன. அட்சரேகையில் ஒரு விநாடி என்பது நிலத்தில் ஏறத்தாழ 31 மீட்டர். முழு விநாடி வரை மட்டும் குறித்த ஓரிடத்துக்கு ஆறு தசம இலக்கங்கள் எழுதினாலும் அந்தத் துல்லியம் கூடுவதில்லை. அந்த வரிகளை மட்டும் செயற்கைக்கோள் படத்தில் கோபுரத்தைப் பார்த்துக் கையால் நகர்த்தி, அப்படி நகர்த்தியதைத் தனி நெடுவரிசையில் குறித்து வைத்தேன்.