பல் தெரியாத சிரிப்பு

"ஏன் டீச்சர், இதுல பிள்ளைங்க எல்லாம் வாய மூடிக்கிட்டுச் சிரிக்குதுங்க?" என்று நான் வகுப்புக்காகச் செய்த தண்ணீர் சுவரொட்டியைப் பார்த்துக் கணக்கு டீச்சர் கேட்டார். அப்போது எனக்கு நல்ல பதில் இருந்தது, அதைச் சொல்லவும் செய்தேன். சொன்ன பிறகுதான் நிம்மதி போனது.

படம் போட்டுத் தரும் செயலிக்கு நான் எழுதிக் கொடுத்த பிராம்ப்டில் அப்படி ஒரு வரி இருந்தது. செயலி தானாக உதடுகளை மூடவில்லை, நான்தான் மூடச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதற்கு முதலில் இருந்து வர வேண்டும்.

முதல் பிராம்ப்ட் யாரும் எழுதக்கூடியது: "நான்காம் வகுப்பறையில் ஒட்ட, தண்ணீர் சேமிப்பு பற்றி ஒரு சுவரொட்டி. எளிய சின்னங்கள். மகிழ்ச்சியான தோற்றம்." வந்த படத்தில் ஷவர் இருந்தது, வாஷ்பேசினில் பல் தேய்க்கும் பையன் இருந்தான், சொட்டும் குழாய்மேல் பெருக்கல் குறி இருந்தது. பூமிக்கும் தண்ணீர்த்துளிக்கும் முகம் வைத்திருந்தது. மேலே தமிழ் மாதிரி ஏதோ எழுத்து, படிக்க முடியவில்லை. எல்லா முகத்திலும் வரிசையாக வெள்ளை வெளேர் என்று பற்கள்.

தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்தில் பாடம் நடத்துகிறவர்களுக்கு இந்தப் படம் ஏன் பொருந்தாது என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகளின் வீட்டில் ஷவர் இல்லை என்பது சின்ன விஷயம். இங்கே தண்ணீர் இரண்டு வகை என்பதுதான் பெரிய விஷயம். ஒன்று ஒகேனக்கல் தண்ணி. ஜப்பான் கடனுதவியோடு தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் போட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் 2013 முதல் வருகிற காவிரித் தண்ணீர். இன்னொன்று போர் தண்ணி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பாறைக்குள் நெடுநாள் கிடந்து ஃப்ளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வருவது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃப்ளோரைடு இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. இந்தப் பகுதியில் அதைத் தாண்டிய கிணறுகள் உண்டு. அளவு மீறினால் ஃப்ளோரைடு பல்லில் கறை போடும், எலும்பையும் கெடுக்கும். நிறத்திலோ மணத்திலோ நாக்கிலோ அது தெரியாது, சோதித்தால்தான் தெரியும். உப்புக் கரிக்கிற தண்ணீரில் குறைவாகவும், இனிக்கிற தண்ணீரில் அதிகமாகவும்கூட இருக்கலாம்.

ஆகவே "தண்ணீரைச் சேமி" என்று பொதுவாகச் சொன்னால் என் வகுப்பில் அது பாதிச் செய்திதான். எந்தத் தண்ணீரைச் சேமிப்பது? எதற்காகச் சேமிப்பது? ஒகேனக்கல் தண்ணி எங்கள் தெருக்களுக்குத் தினமும் வருவதில்லை. வருகிற நாளில் பிடித்து வைத்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதில் துணி துவைத்துவிட்டு, தீர்ந்ததும் சோற்றுக்குப் போர் தண்ணியை வைக்கிற வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் தண்ணீர் ஒரு சொட்டும் வீணாகவில்லை. ஆனாலும் காப்பாற்ற வேண்டிய தண்ணீர் போய்விட்டது.

இதை எழுத்து இல்லாமல் சின்னத்தில் சொல்ல வேண்டும். முதலில் நிறத்தால் பிரிக்கப் பார்த்தேன்: நல்ல தண்ணீருக்கு நீலக் குழாய், போருக்குச் சிவப்புக் குழாய். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பல். அதோடு சிவப்பு என்றால் விஷம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். குளிக்கவும் துவைக்கவும் அந்தத் தண்ணீரால் கேடு இல்லை, அதைப் பார்த்துப் பயப்படவும் கூடாது. பிறகு பாத்திரத்தால் பிரித்தேன். குடம் என்றால் குடிக்க, சமைக்க. வாளி என்றால் குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பழக்கம்தான், அதனால் சொல்லிக் கொடுக்காமலே புரிந்தது.

சோற்றுப் பானையைக் குடத்தின் பக்கம் வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். குடிப்பதற்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணி, உலைக்குப் போர் தண்ணி என்று இருக்கும் வீடுகள் நிறைய. அரிசி அந்த உலைத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. இன்னொன்று, செயலி ஒரு முறை தானாகவே ஆவி பறக்கும் பாத்திரம் ஒன்றைப் போட்டது. "கொதிக்க வைத்த நீர் நல்ல நீர்" என்ற சின்னம். கிருமிக்கு அது சரி. ஃப்ளோரைடு கொதித்தாலும் போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், மிஞ்சிய தண்ணீரில் ஃப்ளோரைடு கொஞ்சம் கூடியிருக்கும். அந்தப் படத்தை அப்படியே ஒட்டியிருந்தால் போர் தண்ணியைக் கொதிக்க வைத்தால் போதும் என்று ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கும்.

"கொதிக்கும் பாத்திரம் வேண்டாம்", "ஷவர் வேண்டாம்" என்று எழுதினால் அவை மறுபடியும் வந்து நின்றன. நான் பயன்படுத்திய செயலியில் பெயரைச் சொன்னாலே அந்தப் பொருள் படத்துக்குள் வந்துவிடுகிறது. வேண்டாததைச் சொல்வதை விட்டுவிட்டு, எது எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதியபோதுதான் படம் வழிக்கு வந்தது. தலைப்பை நானே கையால் எழுதிக்கொள்வது என்று மேலே இடம் விடச் சொன்னேன். கடைசியாக அமைந்த பிராம்ப்ட் இது:

```
எழுத்தே இல்லாத சுவரொட்டி. வெள்ளைப் பின்னணி,
மேல் கால் பங்கு காலி இடம். தடித்த கறுப்புக் கோடு, மூன்றே நிறம்.
இடது பக்கம்: மூடி போட்ட குடம், டம்ளர், சோற்றுப் பானை.
வலது பக்கம்: வாளி, கொடியில் துணி, மாடு.
கீழே நடுவில்: அக்கா தன் குட்டித் தம்பிக்கு டம்ளரில்
தண்ணீர் கொடுக்கிறாள். இருவரும் உதடு மூடிப் புன்னகைக்கிறார்கள்.
```

கீழே இருக்கும் அக்கா தம்பிக்குக் காரணம் உண்டு. பல்லின் வெளிப் பூச்சு ஈறுக்குள்ளேயே உருவாகிறது. ஏழெட்டு வயதில் முளைக்கிற முன்பல்லில் தெரியும் கறை, குழந்தை நடை பழகும் காலத்தில் குடித்த தண்ணீரிலிருந்து வந்தது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்பது வயது. கறை வர வேண்டியவர்களுக்கு வந்துவிட்டது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எலும்பைக் காப்பாற்ற அவர்களுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும்தான். ஆனால் பல்லில் இனி காப்பாற்றக்கூடியது வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளை. குடத்தில் ஒரே ஒரு டம்ளர் மிச்சம் இருந்தால் அது யாருக்கு? வீட்டிலேயே சின்னதுக்கு. நான் சொல்ல நினைத்த சேமிப்பு இதுதான்.

அந்த உதடு மூடிய புன்னகைக்கு இப்போது வருகிறேன். என் வகுப்பில் சில பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார்கள். பழுப்புக் கோடும் புள்ளியும் விழுந்த பற்கள். "பல்லே தேய்க்க மாட்டியா?" என்று வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் கேட்கிறார்களாம். அவர்கள் தினமும் பார்க்கும் சுவரில், நல்ல தண்ணீர் குடித்தால் இப்படி இருக்கும் என்பதுபோல வெள்ளைப் பற்களை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. மகிழ்ச்சியான தோற்றத்தைக் கண்ணிலும் கன்னத்திலும் காட்டலாமே என்று தோன்றியது. கணக்கு டீச்சரிடமும் இதைத்தான் சொன்னேன்.

அவர் கொஞ்சநேரம் படத்தைப் பார்த்தார். "அதுங்க கையால மறைக்கிறத நீங்க கோடு போட்டு மறைச்சிருக்கீங்க டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் இந்த ஊர்க்காரர், அவருடைய பல்லிலும் கறை உண்டு. பேசும்போது ஒருநாளும் வாயை மறைத்து நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அந்த வரியை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அவர் சொன்னது சரி என்று ஒரு நாள் தோன்றுகிறது. வாயை மூடிக்கொண்டு சிரிப்பதுதான் முறை என்று சுவரே சொல்லிக்கொடுப்பது போல ஆகிவிடும். அப்படியானால் கறையுள்ள பல்லையே வரையச் சொல்லலாமா? ஒரு முறை எழுதிப் பார்த்தேன். செயலிக்கு அது தெரியவில்லை, கறுத்துச் சொத்தையான பல்லைப் போட்டது. கிழவி முகம் மாதிரி ஆகிவிட்டது அக்கா. அதை உடனே அழித்தேன். சரியாக வந்திருந்தாலும் ஒட்டியிருப்பேனா தெரியவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையைக் காட்டி "டேய், இது நீதான்டா" என்று இன்னொன்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது.

மறுநாளே என் பக்கம்தான் நியாயம் என்று தோன்றிவிடும். சுவரொட்டி தண்ணீரைப் பற்றியது, பல்லைப் பற்றியது இல்லை. குடமும் வாளியும் புரிந்தால் அது வேலையைச் செய்துவிட்டது. பல்லைப் பற்றிப் பேச வேண்டியது நான், படம் இல்லை. அதனால் அந்த வாரமே பேசினேன். கறை தேய்க்காததால் வந்தது இல்லை, குடித்த தண்ணீரால் வந்தது, அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை என்றேன். ஒரு பெண் எழுந்து, "அப்ப எங்க அம்மாவோட தப்பா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை, அப்போது இந்த ஊரில் கிடைத்த தண்ணீர் அதுதான் என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பதில் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். அவர்கள் பிறந்தபோது ஒகேனக்கல் தண்ணி வந்துகொண்டுதான் இருந்தது, வராத நாட்களில்தான் போர். அதை ஒன்பது வயதுப் பெண்ணிடம் எப்படிப் பிரித்துச் சொல்வது?

படம் இப்போது சுவரில் இருக்கிறது, மூடிய உதடுகளோடு. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், குடமும் வாளியும் தெளிவாகத் தெரிகின்றன, தம்பியின் டம்ளர்தான் கொஞ்சம் சின்னது. சாதம் வடிப்பது குடத் தண்ணீரிலா என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் "போர் தண்ணியில" என்றார்கள். எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்று இப்போது நோட்டில் எழுதி வருகிறோம்.

பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் பிராம்ப்டைக் கேட்டார்கள். முழுசாக அனுப்பினேன். புன்னகை வரியை மட்டும் அவரவர் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வைக்கவோ எடுக்கவோ செய்யுங்கள் என்று சேர்த்து எழுதினேன். ஒருவர் எடுத்துவிட்டார், ஒருவர் அப்படியே வைத்திருக்கிறார். இரண்டு பேரிடமும் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறேன்.