வெள்ளை வேட்டி சாம்பலானது ஏன்

"அப்போ என் போன் பொய் சொல்லுதாண்ணே?" என்று எங்கள் வீடியோ கடைக்கு வந்த படகுக்காரர் கேட்டார். "பொய் இல்லண்ணே, உங்க போன் காட்டுற வெளிச்சத்த இந்த டிவியால காட்ட முடியாது" என்றேன். சொன்னது சரிதான். ஆனால் அது அவர் கேட்ட கேள்விக்கான பதிலா என்பதில்தான் இன்னும் எனக்குத் தெளிவில்லை.

காசிமேட்டில் புது விசைப்படகுக்குப் பூஜை. எங்கள் கேமராக்காரர் வருவதற்குள் படகுக்காரரே தன் ஐபோனில் எடுத்த சில நிமிடங்கள்தான் முக்கியமான பகுதி. படகின் நிழலில் அவருடைய அப்பா, வெள்ளை வேட்டி, கழுத்தில் சாமந்தி மாலை, பின்னால் வெயிலில் மின்னும் கடல். போனில் தகதகவென்று இருந்தது. கடைத் தம்பி அதை எடிட்டிங் டைம்லைனில் போட்டு சேமித்துக் கொடுத்த கோப்பில் வேட்டி சாம்பல், மாலை வெளிர் மஞ்சள், மொத்தப் படத்தின் மேலும் ஒரு மங்கல். "இன்னாண்ணே, வெளுத்துப் போயி கீது" என்றார் படகுக்காரர்.

வீடியோ கோப்பின் விவரங்களைக் காட்டும் ffprobe கொண்டு மூலக் கோப்பைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது: `color_transfer=arib-std-b67`, `color_primaries=bt2020`. அதாவது சாதாரண வீடியோவைவிட அதிக வெளிச்சத்தைப் பதிவு செய்யும் எச்.டி.ஆர் வீடியோ, அதிலும் எச்.எல்.ஜி என்ற முறையில் பதிவானது. இந்த முறையில் வேட்டி மாதிரியான சாதாரண வெள்ளைக்குச் சிக்னலில் 75 சதவீதம்தான் இடம். மேலே மீதமுள்ள கால்பங்கு, கடலின் மினுமினுப்பு, பித்தளைக் குடத்தின் பளிச்சு போன்றவற்றுக்கு. எங்கள் பழைய மென்பொருள் அந்தக் குறிப்பைப் படிக்கவில்லை. எண்களை அப்படியே எடுத்து, சாதாரண வீடியோ என்று முத்திரை குத்திச் சேமித்துவிட்டது. சாதாரண வீடியோவில் 75 என்றால் சாம்பல். நிறத்துக்கும் அதே கதி. bt2020 என்பது அகலமான நிறப்பரப்பு. அதில் எழுதிய எண்களைக் குறுகிய பரப்பின் எண்களாகப் படித்தால் எல்லாமே வெளிறிவிடும். அங்குலத்தில் எடுத்த அளவை சென்டிமீட்டர் என்று நினைத்து வெட்டிய சட்டை மாதிரி. துணியில் குறையில்லை. வெளிச்ச அளவை வரைந்து காட்டும் வேவ்ஃபார்மைத் திறந்தால் சந்தேகமே வராது: வேட்டி 75-ஐ ஒட்டிப் படுத்திருக்கும், கடல் மட்டும் உச்சியைத் தொடும்.

தம்பி அதற்குள் கான்ட்ராஸ்ட்டையும் சாச்சுரேஷனையும் ஏற்றி ஒரு கோப்பு தயார் செய்திருந்தான். வேட்டி வெள்ளையானது, உண்மைதான். ஆனால் 75-ஐ 100-க்கு இழுத்தால் அதற்கு மேல் இருந்ததெல்லாம் ஒரே வெள்ளைத் தகடாகிவிடும். கடல் அப்படித்தான் ஆனது. நிழலில் நின்ற பெரியவரின் முகம் இன்னும் இருண்டு, தோல் ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விட்டது.

நான் டோன் மேப்பிங் செய்தேன். முதலில் சிக்னலை உண்மையான வெளிச்ச அளவாக மாற்ற வேண்டும். பிறகு நிறப்பரப்பை மாற்றி, உச்ச வெளிச்சத்தை ஒரு வளைகோட்டால் மெல்ல அமுக்கி, கடைசியில் சாதாரண வீடியோவாக எழுத வேண்டும்.

```
ffmpeg -i padagu.mov -vf "zscale=t=linear:npl=100,format=gbrpf32le,zscale=p=bt709,tonemap=hable:desat=0,zscale=t=bt709:m=bt709:r=tv,format=yuv420p" -c:v libx264 -crf 18 -c:a copy padagu_sdr.mp4
```

நிறம் திரும்பியது, ஆனால் படம் மந்தமாக இருந்தது. வெளிச்சத்தை நிட் என்ற அலகில் அளந்தால், எச்.எல்.ஜி கணக்கில் உச்சம் 1000 நிட், வெள்ளை சுமார் 203 நிட்; சாதாரண வீடியோவின் வெள்ளையோ 100 நிட் என்ற கணக்கில் அமைந்தது. hable வளைகோடு கடல் மினுக்கத்துக்கு நிறைய இடம் விட்டு, வேட்டியைக் கிட்டத்தட்ட பாதி வெளிச்சத்துக்கு இறக்கிவிடுகிறது. அந்த ஒரு சொல்லை mobius என்று மாற்றினால் வேட்டி ஐந்தில் நான்கு பங்குக்கு ஏறும், முகம் தெளியும். பதிலுக்குக் கடலின் மினுக்கமெல்லாம் மேலே மிச்சமிருக்கும் ஒரு பங்குக்குள் நெருக்கியடிக்கும். முகமா கடலா என்று யாராவது ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். நான் முகத்தை எடுத்தேன். பூஜை அந்தப் பெரியவருடையது, கடல் எப்போதும் அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றையும் கடை டிவியில் போட்டுக் காட்டியபோது அவர் கை நீட்டியது தம்பியின் கோப்பை. "இதுல தாண்ணே கலர் கீது."

போனோடு ஒப்பிட்டால் அது தப்பான நிறம் என்று விளக்கினேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். போன்தான் சரி என்றால், போனில் கடல் எரிந்தது, முகமும் தெரிந்தது. என் கோப்பில் கடல் எரியவில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்று தேர்ந்தெடுத்தவன் நான். அவருடைய அப்பா, அவருடைய படகு. தேர்வு அவருடையதாக இருந்திருக்கக் கூடாதா? இருந்திருந்தால் ஆரஞ்சு முகம்தான் வீட்டு டிவியில் ஓடும், பார்க்கிறவர்கள் கடையின் பெயரைத்தான் கேட்பார்கள். இரண்டு பக்கமும் எனக்கு வாதம் இருக்கிறது.

mobius கோப்பை ஆல்பத்தில் வைத்தேன். மூல எச்.டி.ஆர் கோப்பையும் தொடாமல் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். இப்போது யாராவது போன் வீடியோ கொண்டுவந்தால் தம்பி முதலில் ffprobe ஓட்டுகிறான். ஆனால் சாச்சுரேஷனைக் கொஞ்சம் ஏற்றித்தான் வைக்கிறான். கேட்டால், "கஸ்டமருக்குப் பிடிச்சிருக்குண்ணே" என்கிறான்.