சாப்பிடாத பன்னிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையோர ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊரில் குடும்பப் பெயரை மட்டும் கேட்டு அறையைத் தேடினால் அன்றைக்கு வம்புதான். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியில் நாயுடு, கோவேந்தர், பிள்ளை, மூட்லி என்று ஒவ்வொரு பெயரிலும் ஊர் நிறைய ஆட்கள். போதாதற்கு கோயம்புத்தூரிலிருந்தும் ஒரு நாயுடு குடும்பத்தோடு வந்து இறங்கினார். மகன் இங்கே வேலை பார்க்கிறார். பெற்றோர் 412ஆம் அறையில் மூன்று இரவு. முட்டைகூடச் சேர்க்காத சைவம்.

அதே நாள்களில் உள்ளூர் நாயுடு ஒருவர் வேறொரு அறையில் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர் Naidu, உள்ளூர்க்காரர் Naidoo. உணவகக் கணினியில் NAID என்று நான்கு எழுத்து தட்டியதும் இரண்டு பெயரும் அடுத்தடுத்து வந்து நிற்கும். கூட்ட நேரத்தில் பரிமாறுபவர் கீழே இருந்ததைத் தொட்டுவிட்டார். அறை எண்ணைக் கேட்டுத் தட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விடியற்காலையில் கிளம்புகிறவர்களுக்கு முந்தைய இரவே பில்லைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவோம். பணத்தைப் பதிவு செய்த கார்டிலேயே எடுத்துக்கொள்வோம். பெரியவர் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். விமான நிலையத்தில் அதை எடுத்துப் படித்தது அம்மா.

அறைக்கு 4,350 ராண்ட், தேநீர், பலகாரம் 210. அதுவரை சரி. அதற்குக் கீழே மட்டன் பன்னி இரண்டு, இறால் கறி ஒன்று, பியர் நான்கு. எல்லாம் சேர்த்து 700. டிப்ஸ் 70.

போன் வந்தது. "ஏனுங்க தம்பி, இந்த மட்டன் பன்னின்னா என்னங்க? ஆடுங்களா, பன்னிங்களா?"

ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பை ஊற்றித் தருவது, டர்பனின் பெயர் பெற்ற சாப்பாடு, அதில் பன்றியும் கிடையாது முயலும் கிடையாது என்று விளக்கினேன். அம்மாவுக்கு அது முக்கியமாகப் படவில்லை. "மூணு நாளும் சாயங்காலம் பீச்சுல நடந்துட்டு வர்றேன்னு போனாருங்க. இப்பத்தானே தெரியுது எங்க நடந்தாருன்னு." பின்னால் பெரியவர், "அட, நான் இல்லைன்னு எத்தனை தடவைடி சொல்றது!" என்று கத்துவது கேட்டது.

இந்த மாதிரி நேரத்தில் விருந்தினரிடம் "நீங்கள்தான் சாப்பிட்டீர்களா?" என்று விசாரிக்கக் கூடாது. ஆதாரம் எங்களிடமே இருக்கிறது. உணவகத்தில் கையெழுத்துப் போட்ட சீட்டை எடுத்து, அறைக்கு வந்தபோது நிரப்பிய பதிவு அட்டையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரியவர் தமிழில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுகிறவர். சீட்டில் இருந்தது ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கல். அதற்கு மேலே கையால் எழுதியிருந்த அறை எண் 214. இரண்டு நிமிட வேலை.

பணத்தைத் திருப்புவதில்தான் கொஞ்சம் பேச்சு நடந்தது. மொத்தம் எடுத்த 5,330ஐயும் ரத்து செய்துவிட்டு, சரியான 4,560ஐ மறுபடி எடுத்துவிடலாம் என்றார் கேஷியர். அன்றைய கார்டுக் கணக்கை முடிப்பதற்குள் அப்படிச் செய்ய முடியும்தான். ஆனால் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு, இந்த ஓட்டலிலிருந்து இன்னொரு முறை பணம் எடுத்ததாக வங்கிக் குறுஞ்செய்தி போனால் என்ன ஆகும்? கேட்காமல் கார்டைத் தொடக் கூடாது. அதனால் 770ஐ மட்டும் அதே கார்டுக்குத் திருப்பினோம். கொடுத்துவிட்ட வரி பில்லை அழித்து எழுத முடியாது என்பதால், அதன் எண்ணையும் காரணத்தையும் குறிப்பிட்டு ஒரு கிரெடிட் நோட்டும் போட்டோம். 700க்குள் 15 சதவீத வாட் வரி 91.30 ராண்ட் இருக்கிறது. அதுவும் கணக்கில் குறைய வேண்டும்.

அடுத்தது கடிதம். ஆங்கிலத்தில் வழக்கமான கடிதத்தை அனுப்பலாம் என்றால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இங்கிலீஷ்ல வந்தா அவருதான் படிச்சுச் சொல்லோணும். அவரு சொல்றத நான் எப்படி நம்பறது? தமிழ்ல எழுதுங்க."

எங்கள் மேலாளர் டர்பன் தமிழ்ப் பெண்மணி. கோயில், காவடி, விரதம் எதையும் விடமாட்டார். தமிழ் வாசிக்க மட்டும் வராது. நான் படித்துச் சொல்லச் சொல்ல, கையில் பேனாவோடு கேட்டார்.

"மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம். உங்கள் பில்லில் சேர்த்திருந்த 770 ராண்ட் உங்களுடையது அல்ல. வேறொரு அறையின் உணவகச் சீட்டை எங்கள் ஊழியர் தவறுதலாக உங்கள் கணக்கில் ஏற்றிவிட்டார். சீட்டில் உள்ள கையெழுத்து ஐயாவுடையது அல்ல என்பதைச் சரிபார்த்துவிட்டோம். அந்த இறைச்சி உணவையும் மதுவையும் நீங்கள் இருவரும் வாங்கவில்லை. தவறு முழுக்க எங்களுடையது. மன்னிக்க வேண்டுகிறோம். பணம் இன்றே உங்கள் கார்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. கணக்கில் ஏற வங்கியைப் பொறுத்துச் சில வேலை நாள்கள் ஆகலாம். ராண்டில் திரும்புவதால், அன்றைய மாற்று விலைப்படி ரூபாயில் சற்று வித்தியாசம் இருக்கலாம். திருத்திய பில்லும் கிரெடிட் நோட்டும் இணைத்துள்ளோம்."

"இறைச்சியும் மதுவும் எதற்கு? 'உணவகக் கட்டணம்' என்றால் போதாதா?" என்றார் மேலாளர். போதாது என்றேன். அந்த வீட்டுக்கு 770 ராண்ட் பெரிய விஷயமே இல்லை, அந்த ஒரு வரிதான் பெரியவரை வீட்டுக்குள் விடும். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அடுத்து நல்லெண்ணத்துக்கு என்ன கொடுப்பது? மேலாளர் முதலில் சொன்னது, அடுத்த முறை தங்கினால் பத்து சதவீதத் தள்ளுபடி. கோயம்புத்தூர்க்காரர்கள் அடுத்த முறை எப்போது வருவார்கள்? வந்தாலும் மகன் வீடு இருக்கிறது. அதோடு, 770ஐத் திருப்பித் தருவதை அன்பளிப்பு மாதிரி எழுதக் கூடாது. அது அவர்கள் பணம். கடைசியில், மகன் பெயருக்கு நான்கு பேர் சாப்பிட ஒரு சீட்டு, ஒரு வருடம் வரை செல்லும், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று முடிவானது. பீன்ஸ் குழம்பு ஊற்றிய சைவப் பன்னியும் கிடைக்கும் என்று ஒரு வரி சேர்த்தேன். அவர்கள் அழைத்த போன் செலவையும் ஏற்றுக்கொள்வதாக எழுதினோம்.

உள்ளூர் நாயுடுவை எங்கள் ஆள் அழைத்தபோது, "நானும் பார்த்தேன், சாப்பாடு உங்கள் கணக்கு என்றல்லவா நினைத்தேன்!" என்றாராம். மறுநாள் கட்டிவிட்டார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா அழைத்தார். கடிதம் திருப்தி. ஆனாலும், "அப்ப யாருங்க தம்பி அதைச் சாப்பிட்டது?"

அதை மட்டும் சொல்ல முடியாது. இன்னொரு விருந்தினரின் பெயரையோ அறை எண்ணையோ வெளியே சொல்ல இந்த நாட்டுத் தனிநபர் தகவல் சட்டம் இடம் தராது என்றேன். "சரிங்க, அது போகட்டும். அவரு கோட்டுப் பையில சிகரெட் வாசம் வருது. அவரு சிகரெட் பிடிக்கலைன்னும் ஒரு வரி எழுதித் தர முடியுங்களா?"

எங்கள் பில்லில் இல்லாத எதற்கும் ஓட்டல் பொறுப்பேற்காது அம்மா என்று சொல்லிவிட்டேன்.